‘உது’ எவ்வளவு தூரம்? ஒரு மொழியின் சுட்டுச்சொற்களை நீங்களே அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

“உதை ஒருக்கா இஞ்ச தாங்கோ, தம்பி.”

மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்து அக்கா இப்படிக் கேட்டபோது என் கையில் ஒரு பேனா இருந்தது. அவர் கேட்டது அதைத்தான் என்பது புரிந்துவிட்டது. ஆனால் அந்த ‘உது’ காதில் விழுந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள், அவற்றில் உகரச் சுட்டு இன்று வழக்கில் இல்லை என்று பள்ளியில் படித்து மதிப்பெண் வாங்கியவன் நான். வழக்கில் இல்லாத சொல் என் பேனாவைக் கேட்டுக்கொண்டிருந்தது.

‘அ இ உ அம்மூன்றும் சுட்டு’ என்பது தொல்காப்பியம். இகரம் அருகில் இருப்பதைக் காட்டும், அகரம் தொலைவில் இருப்பதைக் காட்டும், உகரம் இரண்டுக்கும் நடுவில் இருப்பதைக் காட்டும் என்பது உரைகளில் பொதுவாக வரும் விளக்கம். ஆனால் என் பேனா எந்த நடுவில் இருந்தது? அக்கா கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். ‘இது’ என்றே சொல்லியிருக்கலாம். இந்தச் சந்தேகம்தான் பிறகு ஒரு மொட்டைமாடிச் சோதனையாக வளர்ந்தது. அதை நீங்களும் செய்து பார்க்கும்படி இங்கே எழுதுகிறேன். எந்த மொழி பேசுபவர் கிடைத்தாலும் செய்யலாம். தேவைப்படுவது ஒரே மாதிரியான இரண்டு மூன்று டம்ளர்கள், ஒரு நோட்டு, ஒரு மாலைப்பொழுது, பொறுமையுள்ள ஒரு மனிதர்.

தொடங்கும் முன் ஒரு கணக்கு

உலக மொழிகளின் சுட்டுகளைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுவது மொழியியலாளர் ஹோல்கர் டீசல் தொகுத்த பட்டியல். அவர் 234 மொழிகளைப் பார்த்தார். அவற்றில் 127 மொழிகள் தமிழ்நாட்டுத் தமிழைப்போல இது, அது என்று இரண்டோடு நிறுத்திக்கொள்கின்றன. 88 மொழிகளில் மூன்று இருக்கின்றன. நான்கு வைத்திருப்பவை 8, ஐந்தோ அதற்கு மேலோ வைத்திருப்பவை 4. மிச்சமுள்ள 7 மொழிகளில் சுட்டுச்சொல் தூரத்தையே சொல்வதில்லை.

ஆக இரண்டும் மூன்றும்தான் உலக வழக்கம். இதில் ‘இரண்டு’ அதிகம் குழப்பாது. சிக்கல் எல்லாம் ‘மூன்று’ என்ற எண்ணுக்குள் இருக்கிறது. இலக்கண நூல்கள் மூன்று சொற்களைப் பார்த்த உடனேயே அருகு, நடு, தொலைவு என்று மூன்று வட்டம் போட்டுவிடுகின்றன. அந்த நடுச்சொல் உண்மையிலேயே நடுத்தூரத்தைக் காட்டுகிறதா, அல்லது வேறு எதையாவது காட்டுகிறதா என்பதுதான் நாம் கண்டுபிடிக்க வேண்டியது.

முதல் படி: கேட்காதீர்கள்

“உங்கள் மொழியில் இதற்கு என்ன சொல்வீர்கள், அதற்கு என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டால் பள்ளியில் படித்த இலக்கணம்தான் பதிலாக வரும். நானும் முதலில் இந்தத் தவற்றைச் செய்தேன். “உது எண்டா கொஞ்சம் தள்ளி இருக்கிறது, தம்பி” என்றார் அக்கா. சொல்லி முடித்த கையோடு, என் மடியில் கிடந்த துண்டைக் காட்டி, “உதை உதறிப் போடுங்கோ” என்றார். துண்டு தள்ளி இருக்கவில்லை. பேசுகிறவருக்குத் தன் சொல்லின் விதி தெரியாது. சொல்லை எங்கே போட வேண்டும் என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும்.

அதனால் சொல் தானாக விழும்படி ஒரு வேலை கொடுக்க வேண்டும். கென்னி கோவென்ட்ரியும் அவருடைய குழுவினரும் ஆங்கிலம், ஸ்பானிஷ் பேசுபவர்களிடம் செய்து 2008இல் வெளியிட்ட சோதனையில் ஒரு நல்ல தந்திரம் உண்டு. இது ஞாபகசக்திச் சோதனை என்று சொல்லி உட்காரவைத்தார்கள். மேசைமேல் வெவ்வேறு தூரங்களில் பொருள்களை வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு சுட்டுச்சொல்லோடு சேர்த்துச் சொல்லச் செய்தார்கள். பேசுபவர்களின் கவனமெல்லாம் எது எங்கே இருந்தது என்பதில் இருக்க, சுட்டுச்சொல் அது பாட்டுக்கு வந்து விழுந்தது.

நான் இதை வீட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டேன். டம்ளரில் தேநீரோ காப்பியோ தண்ணீரோ ஊற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துவிடுவோம். உள்ளே இருப்பது என்ன என்று அக்காவுக்கு மட்டும் தெரியும். டம்ளரை ஓரிடத்தில் வைத்ததும் அவர் அதைக் கைகாட்டி, “…தேத்தண்ணி” என்றோ “…கோப்பி” என்றோ எனக்குச் சொல்ல வேண்டும். கடைசியில் எது எங்கே இருந்தது என்று நான் ஒப்பிக்க வேண்டும். ஞாபகசக்தி எனக்கு எவ்வளவு என்று பார்க்கத்தான் இந்த விளையாட்டு என்று அக்கா நினைத்துக்கொண்டார். நான் தோற்கத் தோற்க அவருக்கு உற்சாகம் கூடியது.

இங்கே சில நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும். டம்ளர்கள் நிறத்திலும் அளவிலும் ஒன்றுபோல இருக்கட்டும். இல்லாவிட்டால் ‘சிவப்புக் கோப்பை’ என்று சொல்லிச் சுட்டுச்சொல்லைத் தவிர்த்துவிடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு டம்ளரை மட்டும் வையுங்கள். இரண்டு இருந்தால் பேச்சு ஒப்பீடாக மாறிவிடும். கடைக்காரர் முன்னால் நின்று, ஒரு முழம்கூட இடைவெளி இல்லாத இரண்டு பொருள்களைக் காட்டி, “இது இல்லைங்க, அது” என்று நாமே சொல்கிறோம் அல்லவா? இரண்டும் கைக்கு எட்டும் தூரம்தான். அந்த ‘அது’வுக்குத் தூரத்தோடு சம்பந்தமில்லை, ‘மற்றது’ என்பதே அதன் பொருள். புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று, அருகிலிருந்து தொலைவுக்கு வரிசையாக வைத்துக்கொண்டு போகாதீர்கள். வரிசையாகப் போனால், ‘எங்காவது ஓரிடத்தில் சொல்லை மாற்ற வேண்டும் போலிருக்கிறது’ என்று பேசுகிறவருக்குத் தோன்றிவிடும். தோன்றினால் மாற்றியும் விடுவார். இடங்களைக் கலைத்துக் கலைத்து, ஒவ்வோர் இடத்தையும் மூன்று முறையாவது பாருங்கள்.

இரண்டாம் படி: கேட்பவர் பக்கத்திலேயே இருக்கட்டும்

முதல் சுற்றில் பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒரே பக்கம் பார்த்தபடி அடுத்தடுத்து உட்கார வேண்டும். நகர்வது பொருள் மட்டும்தான். டம்ளரை நகர்த்த மூன்றாவதாக ஒருவர் இருந்தால் வசதி. எங்களுக்கு அடுத்த வீட்டுப் பையன் கிடைத்தான்.

மாடியில் ஐந்து இடங்களைக் குறித்துக்கொண்டேன். ஒன்று, அக்காவின் கைக்கு எட்டும் இடம். இரண்டாவது, கை எட்டாது, எழுந்து ஓர் எட்டு வைத்தால் எடுக்கலாம். மூன்றாவது மூன்று மீட்டர் அளவில், நான்காவது பத்து மீட்டர் தள்ளி மாடியின் அந்தக் கோடியில். ஐந்தாவது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. டம்ளரை அங்கே கொண்டுபோய் வைக்க முடியாததால் தொட்டியைப் பற்றியே ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன்.

முதல் இடத்தில் எப்போதும் ‘இது’ வந்தது. இரண்டாவது இடத்தில் ‘இது’வும் ‘அது’வும் மாறி மாறி வந்தன. மூன்றாவது இடத்தில் ‘அது’, ஒரே ஒரு முறை ‘உது’. நான்கிலும் ஐந்திலும் ‘அது’ தவிர வேறு வரவில்லை.

இந்த நோட்டை மட்டும் பார்த்தால், உகரம் செத்துக்கொண்டிருக்கிறது, எப்போதாவது நடுத்தூரத்தில் தலைகாட்டுகிறது என்று எழுதி மூடிவைத்துவிடலாம். அது தவறான முடிவு என்பது அடுத்த சுற்றில் தெரிந்தது.

அதற்கு முன்னால் இரண்டாவது இடத்தின் தடுமாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘இது’வின் எல்லை மீட்டர் கணக்கில் இல்லை, கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. கோவென்ட்ரியின் சோதனையிலும் கை எட்டும் வட்டத்துக்குள்தான் அருகுச்சொல் அதிகமாக வந்தது. ஒரு குச்சியைக் கொடுத்து அதனால் பொருளைச் சுட்டச் சொன்னபோது அருகுச்சொல்லின் வட்டமும் கூடவே விரிந்தது. அக்காவிடம் கொடி கட்டும் கம்பைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன், ஆனால் விளையாட்டின் உள்நோக்கம் வெளிப்பட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். நீங்கள் செய்வதானால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பொருளை விட்டுவிட்டுக் கேட்பவரை நகர்த்துங்கள்

இதுதான் முக்கியமான படி. நேரம் குறைவாக இருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டுமாவது செய்யுங்கள்.

நான் எழுந்து மாடியின் அந்தக் கோடிக்குப் போய், அக்காவைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். என் காலடியில், அதாவது நான்காவது இடத்தில், டம்ளர் வைக்கப்பட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன் அதே இடத்தைப் பார்த்து மூன்று முறையும் ‘அது’ என்றவர் இப்போது சொன்னார்: “உது கோப்பி.” மூன்று முறையும் உதுதான். மூன்றாவது இடத்தில் வைத்தபோதும் பெரும்பாலும் உது. என் முதுகுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும் பழையபடி அது.

பிறகு டம்ளரை அங்கேயே விட்டுவிட்டு, நான் மட்டும் எழுந்து அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அதில் என்ன இருந்தது?” என்று கேட்டேன். “அதுவோ? அது கோப்பி” என்றார். நான் கேட்டதில் ‘அது’ இருந்ததால் அவரும் அதையே திருப்பிச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் நல்ல சோதனையாளர். எனக்கு அது அன்று இரவுதான் உறைத்தது. மறுநாள் சுட்டுச்சொல் இல்லாமல், “கோடியில் இருப்பதில் என்ன?” என்று கேட்டுப் பார்த்தேன். அப்போதும் ‘அது’தான் வந்தது. கேள்வி கேட்கும்போது உங்கள் வாயில் சுட்டுச்சொல் வரவே கூடாது என்பதைச் சோதனைக்கு முன்பே ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

டம்ளர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அக்காவும் நகரவில்லை. நகர்ந்தவன் நான்தான், ஆனாலும் சொல் மாறிவிட்டது. ஆகவே இந்த ‘உ’ அளப்பது அக்காவிடமிருந்து பொருள் எவ்வளவு தூரம் என்பதை அல்ல. கேட்கிறவனுக்கு அது எவ்வளவு பக்கம் என்பதையே அது அளக்கிறது.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு கடைசிச் சோதனை. கேட்பவர் பேசுகிறவருக்கு மிக அருகில் வந்து, கையில் ஏதாவது பிடித்துக்கொள்ள வேண்டும். நடுத்தூரச் சொல் என்றால் இங்கே வரக்கூடாது, தூரமே இல்லையே! நான் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளரைக் கையில் ஏந்தினேன். “உது தேத்தண்ணி. உந்தச் சட்டைப் பொத்தானும் அறுந்து கிடக்கு, பாருங்கோ.” என் சட்டைப் பொத்தான் அவருடைய கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

இனி நோட்டில் எப்படி எழுதுவது என்று சொல்லிவிடுகிறேன். தூரத்துக்கு மட்டும் ஒரு கட்டம் போட்டால் போதாது. பொருள் எங்கே, கேட்பவர் எங்கே, கேட்பவர் அதைப் பார்த்துவிட்டாரா, யாராவது அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்களா, பேசுகிறவர் கைகாட்டினாரா, என்ன சொல் வந்தது என்று ஆறு கட்டங்கள் வேண்டும். கேட்பவரின் இடத்தைக் குறிக்க மறந்த நோட்டை வைத்து அப்புறம் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஜப்பானியர் முதுகில் ஒரு சோதனை

கேட்பவரைச் சுற்றி ஒரு சொல் வைத்திருக்கும் மொழிகளில் அதிகம் பேசப்படுவது ஜப்பானிய மொழி. கொரே, சொரே, அரே என்று மூன்று. கொரே பேசுகிறவர் பக்கம், சொரே கேட்கிறவர் பக்கம், அரே இருவருக்கும் அப்பால். இப்படிப் பிரித்துக் காட்டியவர் சகுமா கனாயே, ஆண்டு 1936. அதற்கு முன்னால் அங்கேயும் அருகு, நடு, தொலைவு என்ற கணக்குதான் வழங்கிவந்தது.

இதற்கு ஜப்பானிய இலக்கணக்காரர்கள் காட்டும் ஓர் எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவர் இன்னொருவருக்கு முதுகைச் சொறிந்துவிடுகிறார், அல்லது தோளைப் பிடித்துவிடுகிறார். சரியான இடத்தில் விரல் பட்டதும், “சொகோ, சொகோ!” என்கிறார் பிடித்துவிடப்படுபவர். சொகோ என்றால் உங்கே. முதுகு பேசுகிறவருடையது. தன் உடம்பைவிட ஒருவருக்கு அருகில் என்ன இருக்க முடியும்? ஆனாலும் அந்த நொடியில் அந்த இடத்தை ஆள்வது மற்றவருடைய விரல். யாழ்ப்பாணத் தமிழரையோ ஜப்பானியரையோ விடுங்கள், சோதிக்கக் கிடைத்த யாராக இருந்தாலும் முதுகு சொறியும் சோதனையைச் சேர்த்துக்கொள்ளலாம். கையில் இருந்த பேனாவைவிட அது தெளிவாகப் பேசும்.

ஆனால் ஜப்பானிய மொழியோடு கதை முடிந்துவிடவில்லை. டாக்சியில் போகும்போது ஓட்டுநரிடம் சற்று முன்னால் தெரியும் இடத்தைக் காட்டி, ‘சொகோ’வில் நிறுத்துங்கள் என்கிறார்கள். இருவரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த இடம் ஓட்டுநருக்குச் சொந்தமானதல்ல, கொஞ்ச தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அக்காவின் மூன்றாவது இடத்தில் ஒரே ஒரு முறை தலைகாட்டிய உது நினைவிருக்கிறதா? அதுவும் இந்த வகையாக இருக்கலாம். பேசுகிறவரும் கேட்கிறவரும் எதிரெதிரே இருந்தால் கேட்பவர் பக்கம், இருவரும் ஒரே பக்கம் இருந்தால் நடுத்தூரம் என்று ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பது உண்டு. அதனால்தான் இரண்டாம் படியும் மூன்றாம் படியும் தனித்தனியாக வேண்டும். ஒன்றை மட்டும் செய்தவர், உரைகாரர் சொன்ன ‘நடு’ சரி என்பார். மற்றதை மட்டும் செய்தவர் அது தவறு என்பார். இரண்டு பேருக்கும் கையில் சான்று இருக்கும்.

இந்த இடத்தில் குறளைக் கொஞ்சம் புரட்டத் தோன்றுகிறது. ‘உவக்காண்எம் காதலர் செல்வார் இவக்காண்என் மேனி பசப்பூர் வது’ என்பது 1185ஆம் குறள். காதலர் இன்னும் கண்ணுக்கு மறையவில்லை, அதற்குள் உடம்பில் பசலை படரத் தொடங்கிவிட்டது. தன் மேனியைச் சுட்டும்போது ‘இவக்காண்’. போய்க்கொண்டிருக்கும் காதலனைச் சுட்டும்போது ‘உவக்காண்’, ‘அவக்காண்’ அல்ல. இங்கே கேட்கிற தோழி காதலன் பக்கத்தில் நிற்கவில்லை, தலைவியோடு நின்று அதே திசையைப் பார்க்கிறாள். டாக்சிக்குள் இருக்கும் இருவரின் நிலைதான் இது. அவன் இன்னும் தொலைவாகிவிடவில்லை என்பது அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது.

நான்காம் படி: கேட்பவர் பார்த்துவிட்டாரா?

துருக்கி மொழியில் பு, ஷு, ஓ என்று மூன்று சொற்கள். பழைய இலக்கணங்களில் ஷுவுக்கு வழக்கம்போல நடுத்தூரம் என்ற இடம் கிடைத்தது. அஸ்லி ஓஸ்யுரெக், சொதாரோ கிதா என்ற இருவர் மக்கள் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்யும்போது பேசுவதைப் பதிவு செய்து பார்த்தார்கள். ஷு அருகிலும் வந்தது, தொலைவிலும் வந்தது. தூரத்தோடு அது ஒட்டவே இல்லை. கேட்பவர் இன்னும் அந்தப் பொருளைக் கவனிக்காதபோதுதான் ஷு வந்தது. கவனித்துவிட்ட பிறகு, தூரத்தைப் பார்த்து பு அல்லது ஓ.

இதைச் சோதிப்பது சுலபம். கேட்பவர் புத்தகமோ கைப்பேசியோ பார்த்துக்கொண்டிருக்கட்டும். டம்ளரை அருகில் வைத்ததும் பேசுகிறவர் சொல்லட்டும். பிறகு கேட்பவர் நிமிர்ந்து டம்ளரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க, அதே வாக்கியத்தை மறுபடி சொல்லச் செய்யுங்கள். இரண்டு தடவையும் வேறு வேறு சொல் வந்தால், உங்கள் ‘நடுச்சொல்’ தூரச்சொல்லே அல்ல. அக்காவிடம் எதுவும் மாறவில்லை.

ஐந்தாம் படி: மறைத்துப் பாருங்கள்

சிங்களத்தில் நான்கு சொற்கள் இருக்கின்றன: மே, ஓய, அர, ஏ. நான்கு சொல் இருப்பதால் நான்கு தூரம் என்று எழுதினால் தவறாகிவிடும். மே என்பது பேசுகிறவர் பக்கம். ஓய என்பது கேட்கிறவர் பக்கம், அக்காவின் உந்த போல. அர என்பது இருவருக்கும் அப்பால், ஆனால் கண்ணுக்குத் தெரிவது. ஏ என்பது கண்ணுக்குத் தெரியாதது, முன்னமே பேச்சில் வந்துபோனது. கடைசிச் சொல் தூரத்தை அளப்பதே இல்லை, நினைவைத் தொட்டுப் பேசுகிறது.

எனவே ஒரு சுற்றில் பொருளைக் கண்ணிலிருந்து மறைத்துவிட வேண்டும். தண்ணீர்த் தொட்டியைப் பற்றி மாடியில் பேசிவிட்டு, கீழே வீட்டுக்குள் வந்த பிறகு அதே தொட்டியைப் பற்றிப் பேச்சை எடுங்கள். சொல் மாறுகிறதா என்று பாருங்கள். சுவருக்கு மறுபக்கம் கை எட்டும் தூரத்திலேயே ஒன்றை வைத்தும் பார்க்கலாம். அலாஸ்காவின் யூப்பிக் மொழியில் ஏறக்குறைய முப்பது சுட்டு வேர்கள் உண்டு என்று கேள்விப்பட்டு வியப்பவர்கள் அதிகம். அங்கே பெருக்கம் தூரத்தால் மட்டும் வந்ததல்ல. மறைந்திருக்கிறதா, ஓரிடத்தில் நிற்கிறதா பரந்து நகர்கிறதா, ஆற்றின் மேல்பக்கமா கீழ்பக்கமா என்பதெல்லாம் சுட்டுச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

எதிர்க்கோடியில் பிரெஞ்சு மொழி இருக்கிறது. சுட்டுச்சொல் தனியாக நின்றால் தூரம் சொல்லாது. வேண்டுமென்றால் பின்னால் சி, லா என்று ஒட்டுப் போட வேண்டும். அந்த லா, ‘அங்கே’ என்று அகராதியில் இருந்தாலும், ‘நான் வந்துவிட்டேன், இங்கேதான் இருக்கிறேன்’ என்று சொல்லவும் அதையே போடுகிறார்கள்.

கணக்கைக் கெடுப்பவை

சோதனைக்கு வெளியே, சாதாரணப் பேச்சிலும் காதைத் திறந்து வைத்திருப்பீர்கள். அங்கே வரும் எல்லாச் சுட்டையும் நோட்டில் ஏற்றிவிடாதீர்கள். “உதைத்தான் நானும் சொல்லுறன்” என்றால் நீங்கள் சொன்னதைத்தான் என்று பொருள். அங்கே பொருளும் இல்லை, இடமும் இல்லை, பேச்சுதான் இருக்கிறது. ஆனாலும் அது பயனுள்ள தடயம்: கேட்பவர் வாயிலிருந்து வந்த சொல்லுக்கும் உகரம்தான் வருகிறது. “உவனோடை சேராதை” என்பதில் வரும் உகரத்தில் ஒரு சிறு இளக்காரம் தொனிக்கும். தொனி ஏறிய சொல்லைத் தூரத்துக்குச் சான்றாக எடுக்க முடியாது. தனிப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

மேசை அளவும் மாடி அளவும் ஒன்றல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும். மேசையில் மூன்று சொல்லும் வந்துவிடலாம், வயல்வெளியில் இரண்டே வரலாம். டேவிட் வில்கின்ஸ் என்பவர் 1999இல் நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்துக்காகத் தயாரித்த 25 காட்சிகளை உலகெங்கும் கள ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அதில் முதல் காட்சி பேசுகிறவர் தன் பல்லையே சுட்டிக்காட்டுவது. அங்கிருந்து எதிராளியின் பல், தோளில் ஊரும் பூச்சி என்று தொடங்கிப் பெரிய திறந்த வெளிவரை போகிறது. ஒவ்வொன்றிலும் கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பது படத்திலேயே வரையப்பட்டிருக்கும். என் ஐந்து இடங்கள் அந்த 25க்கு முன்னால் ஏழை வீட்டுப் பந்தி, ஆனால் உகரத்தின் குணத்தைப் பிடிக்க அது போதுமானதாக இருந்தது.

ஒருவரோடு நிறுத்தக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அக்காவிடம் இரண்டாவது இடத்தில் வந்த தடுமாற்றம் அவருடைய கைநீளத்தைப் பொறுத்ததாக இருக்கலாம், வேறு ஊரில் வளர்ந்தவருக்கு ‘உ’ வேறு வட்டம் போடலாம். குறைந்தது மூன்று பேர், முடிந்தால் ஒரு பெரியவர், ஒரு நடுவயதுக்காரர், ஓர் இளவட்டம் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் பல காலம் இருந்துவிட்டவர் உங்களிடம் பேசும்போது உகரத்தை மறைத்துவிடுவார் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அதற்காகவே கேட்பவராக அவர் ஊர்க்காரர் ஒருவரை உட்காரவைத்துவிட்டு, நீங்கள் டம்ளர் நகர்த்தும் வேலையை எடுத்துக்கொள்வது நல்லது. நான் மூன்றாவது நபரிடம்தான் இந்தப் புத்திக்கு வந்தேன். அக்காவின் உகரம் எனக்குக் கிடைத்தது அவர் என்னைத் தமிழ்நாட்டான் என்று பொருட்படுத்தாததால்தான்.

கடைசிப் படி: தொலைபேசி

கேட்பவரைச் சுற்றிய சொல்லா, நடுத்தூரமா என்ற சந்தேகம் எல்லாச் சுற்றுக்குப் பிறகும் மிச்சமிருந்தால், இருவரையும் பார்வைக்கு எட்டாத தூரத்துக்குப் பிரித்துவிட்டுப் பேசவிடுங்கள். கைகாட்டுவதற்கு எதுவும் இல்லை, மீட்டர் கணக்கும் இல்லை. நடுத்தூரச் சொல்லுக்கு அங்கே வேலையே இருக்காது. கேட்பவர் இருக்கும் இடம் எதுவோ, அதுதான் மிஞ்சும்.

அக்கா இப்போது கனடாவில் மகள் வீட்டில் இருக்கிறார். போன வாரம் அழைத்தார். எடுத்ததும் கேட்டது:

“உங்கை மழையே, தம்பி?”

சென்னையில் அப்போது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.